கேஷைவிட ஃப்யூச்சர் 7 ரூபாய் குறைவு: மலிவா, சரியான விலையா?

கேள்வி: "சார், மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் ஒரு கம்பெனியின் 500 பங்குகள் இருக்கின்றன, சரியாக ஒரு லாட். நேற்று சாயங்காலம் பார்த்தபோது கேஷில் 1,240 ரூபாய், இந்த மாத ஃப்யூச்சர் 1,233. எக்ஸ்பைரிக்கு 24 நாள் இருக்கிறது. ஃப்யூச்சர் கேஷைவிட மேலேதான் இருக்கும் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் இது மலிவுதானே? பங்கை விற்றுவிட்டு ஃப்யூச்சரை வாங்கி வைத்தால் ஒரு பங்குக்கு 7 ரூபாய் லாபம் வராதா? இந்த மாதம் 12 ரூபாய் டிவிடெண்ட் வேறு வரப்போகிறது."

கடைசி வரியில் போகிற போக்கில் சொன்னீர்களே, அந்த 12 ரூபாயில்தான் விஷயம் இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்த்தால் உங்கள் ஃப்யூச்சர் மலிவாக இல்லை, இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. நீங்கள் நினைத்தபடி செய்தால் 7 ரூபாய் வராது, கையிலிருந்துதான் கொஞ்சம் போகும். சென்னையில் ஒரு புரோக்கிங் நிறுவனத்தில் கேஷ்-ஃப்யூச்சர் ஆர்பிட்ராஜ் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான், இப்போது கும்பகோணத்தில் இருக்கிறேன். உங்கள் எண்களையே வைத்து எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

நம் பக்கத்தில் பங்குனி, சித்திரையில் உளுந்து எடுத்ததும் ஒருவர் வியாபாரியிடம் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரிக்கு உளுந்து வேண்டும், ஆனால் இரண்டு மாதம் கழித்துத்தான் எடுத்துக்கொள்வார், பணமும் அப்போதுதான் தருவார். விலையை மட்டும் இன்றைக்கே பேசி முடிக்க வேண்டும். இன்றைய விலைக்கே ஒப்புக்கொள்வாரா விவசாயி? மாட்டார். இன்றே விற்றால் கையில் வரும் பணத்துக்கு இரண்டு மாத வட்டி உண்டு, மூட்டையை வைத்திருக்க இடவாடகை உண்டு. அதையெல்லாம் சேர்த்துத்தான் சொல்வார். அந்தக் கூடுதல்தான் காஸ்ட் ஆஃப் கேரி, அதாவது சரக்கைக் கையில் வைத்திருக்கும் செலவு. பங்குக்குக் குடோன் வாடகை இல்லை, எலி கடிக்காது, எடை குறையாது. ஆகவே வட்டி மட்டும்தான் மிச்சம். ஃப்யூச்சர் கேஷுக்கு மேலே இருக்கும் என்று நீங்கள் படித்தது இந்த அளவில் சரி.

இப்போது உளுந்தை விட்டுவிட்டுத் தென்னந்தோப்புக்கு வாருங்கள். தோப்புக்கு இன்று அக்ரிமெண்ட், இரண்டு மாதம் கழித்துக் கிரயம். நடுவில் ஒரு காய் வெட்டு வருகிறது, அந்தக் காய்ப்பணம் பழைய சொந்தக்காரருக்குத்தான் போகும். வாங்குகிறவர் அந்த ஒரு வெட்டின் பணத்தைக் கழித்துக்கொண்டுதானே விலை பேசுவார்? டிவிடெண்ட் என்பது அந்தக் காய் வெட்டு. டிவிடெண்ட் உரிமை இல்லாமல் பங்கு கைமாறத் தொடங்கும் நாள்தான் எக்ஸ்-டேட். அதற்கு முன்னால் பங்கை டீமேட்டில் வைத்திருப்பவருக்கு அது கிடைக்கும், ஃப்யூச்சர் வைத்திருப்பவருக்குக் கிடைக்காது. அதனால் வட்டியைக் கூட்டி, டிவிடெண்டைக் கழிக்க வேண்டும்.

```
F = S × (1 + r × t / 365) − D
```

S கேஷ் விலை, r வருட வட்டி, t எக்ஸ்பைரிக்கு மீதி இருக்கும் நாட்கள், D அந்த நாட்களுக்குள் எக்ஸ்-டேட் வரும் டிவிடெண்ட். ஆண்டு வட்டி 6.5 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம், இந்த எண் எங்கிருந்து வரும் என்று பிறகு சொல்கிறேன். 1,240 ரூபாய்க்கு 24 நாள் வட்டி 5 ரூபாய் 30 காசு. 1,240 உடன் 5.30 கூட்டி 12 கழித்தால் 1,233.30. ஸ்கிரீனில் நீங்கள் பார்த்தது 1,233. வித்தியாசம் 30 காசு, அதுவும் நாம் எடுத்துக்கொண்ட வட்டியின் துல்லியத்துக்குள் அடங்கிவிடும். கேஷுக்கும் ஃப்யூச்சருக்கும் உள்ள இடைவெளியைத்தான் பேசிஸ் என்கிறோம். உங்கள் பேசிஸ் மைனஸ் 7. நியாயமாக இருக்க வேண்டிய பேசிஸ் மைனஸ் 6.70. மலிவா கனமா என்பதை இந்த இரண்டையும் ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் டிவிடெண்ட் கொடுக்கும் பங்கெல்லாம் மலிவாகத்தான் தெரியும்.

இந்தக் கணக்கில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துக்கொள்வது முக்கியம். உறுதியானது ஒன்று: எக்ஸ்பைரி அன்று கேஷும் ஃப்யூச்சரும் சேர்ந்தே தீரும். 2019 அக்டோபரிலிருந்து எல்லாப் பங்கு ஃப்யூச்சர்களும் டெலிவரியில்தான் முடிகின்றன. கடைசி வரை வைத்திருந்தால் பங்கே உங்கள் டீமேட்டுக்கு வரும், பணம் முழுதும் கட்ட வேண்டும். என்எஸ்இ-யில் அந்த நாள் 2025 செப்டம்பரிலிருந்து மாதத்தின் கடைசி செவ்வாய், பழைய புத்தகங்களில் வியாழன் என்று இருக்கும். நாட்களை எண்ணும்போது கவனம். ஊகத்துக்கு இடமுள்ளவை r, D இரண்டும்தான்.

முதலில் D. தொகை அறிவித்துவிட்டார்களா, யார் யார் பங்குதாரர் என்று கணக்கெடுக்கும் ரெக்கார்டு டேட்டும் அறிவித்துவிட்டார்களா என்று பங்குச்சந்தைக்குக் கம்பெனி கொடுத்த அறிவிப்பில் பாருங்கள். வாங்கிய மறுநாளே பங்கு கைக்கு வரும் டி பிளஸ் 1 முறை வந்த பிறகு ரெக்கார்டு டேட்டும் எக்ஸ்-டேட்டும் ஒரே நாள்தான். தொகை மட்டும் சொல்லித் தேதி சொல்லாத காலம் ஒன்று உண்டு, மே மாத ரிசல்ட் சமயத்தில் நிறையப் பார்ப்பீர்கள். அதில் நான் சூடுபட்டிருக்கிறேன். ஒரு வருடம் ஒரு பங்கில் ஜூலை ஃப்யூச்சர் டிஸ்கவுண்டில் இருந்தது. ரெக்கார்டு டேட் இன்னும் வரவில்லையே, டிவிடெண்ட் ஆகஸ்டில்தான் இருக்கும் என்று நானாக முடிவு செய்து, எங்கள் கையிருப்புப் பங்கை விற்று ஃப்யூச்சரை வாங்கினேன். ஒரு வாரத்தில் தேதி வந்தது, ஜூலை எக்ஸ்பைரிக்கு முன்னால். முந்தைய மூன்று வருடங்களும் அந்தக் கம்பெனி ஜூலையில்தான் கொடுத்திருந்தது. அதைப் பார்த்தவர்கள்தான் விலையைக் குறைத்து வைத்திருந்தார்கள். பழைய வருடங்களின் தேதியைப் பார்க்க எனக்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது, பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள்.

D-யில் இன்னொரு பொறியும் இருக்கிறது. டிவிடெண்ட் பங்கு விலையில் 2 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் அதை அசாதாரண டிவிடெண்ட் என்று வைத்து, எக்ஸ்-டேட்டில் ஃப்யூச்சர் ஒப்பந்தத்தின் விலையையே அந்த அளவு குறைத்துச் சரிசெய்துவிடுவார்கள். உங்கள் 12 ரூபாய் 1 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு, ஆகவே சரிசெய்தல் இல்லை, கழித்தாக வேண்டும். அதுவே 40 ரூபாயாக இருந்தால் 3 சதவீதத்தைத் தாண்டிவிடும். அப்போது ஃப்யூச்சர் வைத்திருப்பவருக்கு நஷ்டமில்லை, D-யைக் கழிக்கக் கூடாது, நியாய விலை 1,245.30. இது தெரியாமல் 40-ஐக் கழித்துப் போட்டுவிட்டு, ஃப்யூச்சர் ரொம்பக் கனமாக இருக்கிறது, விற்கலாம் என்று கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் r. உங்கள் நகைக்கடன் வட்டியையோ வங்கி டெபாசிட் வட்டியையோ இங்கே போடாதீர்கள். ஃப்யூச்சர் விலைக்குள் இருக்கும் வட்டியைத் தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் ஆர்பிட்ராஜ் ஃபண்டுகளும் பெரிய புரோக்கர்களும்தான். கேஷில் பங்கை வாங்கி ஃப்யூச்சரை விற்று, நடுவில் கிடைப்பதை வட்டியாக எடுத்துக்கொள்கிறவர்கள். சந்தையில் ஃப்யூச்சர் வாங்க ஆட்கள் முட்டி மோதும்போது அந்த வட்டி ஏறும், பயம் பிடித்த மாதத்தில் இறங்கும். அதனால் நான் செய்வது இதுதான்: இந்த மாதம் டிவிடெண்ட் இல்லாத, வியாபாரம் நன்றாக நடக்கும் பத்துப் பதினைந்து பெரிய பங்குகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பேசிஸைக் கேஷ் விலையால் வகுத்து, 365-ஆல் பெருக்கி, மீதி நாட்களால் வகுத்துவிடுவேன். வருட சதவீதம் கிடைத்துவிடும். அவற்றை வரிசையாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுத்தால் அதுதான் அன்றைய சந்தை வட்டி. நடு எண் 6.5 ஆக இருக்கும்போது ஒரு பங்கு 7 காட்டினால் அதில் ஒன்றுமில்லை. 12 காட்டினாலோ மைனஸில் போனாலோ நின்று பார்க்க வேண்டும்.

நின்று பார்க்கும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது நம் கையில் இருக்கும் விலையைத்தான். சாயங்காலம் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நாள் முடிவில் காட்டும் கேஷ் விலை கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை அல்ல, தனியாகக் கணக்கிடப்படுவது. பக்கத்திலேயே கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலையையும் காட்டுவார்கள். ஃப்யூச்சரில் இதை எடுத்து, கேஷில் அதை எடுத்தால் வேறு வேறு நேரத்து விலைகளை ஒப்பிட்டதாகிவிடும். 2 ரூபாய் பிசகினால் என்ன என்று தோன்றலாம். 24 நாள் இருக்கும்போது இந்தப் பங்கில் 2 ரூபாய் என்பது வருட வட்டியில் கிட்டத்தட்ட 2.5 சதவீதம். எக்ஸ்பைரிக்கு 3 நாள் இருக்கும்போது அதே 2 ரூபாய் 19 சதவீதத்துக்கு மேல். கடைசி வாரத்தில் வருட சதவீதம் எகிறிக் குதிப்பதெல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான், அந்த நாட்களில் நான் சதவீதத்தைப் பார்ப்பதில்லை, ரூபாயைத்தான் பார்ப்பேன்.

சந்தை நடக்கும்போது, ஒரே நொடியில், இரண்டின் வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் எழுதிக்கொள்ளுங்கள். கேஷில் வாங்குபவர் 1,239.80, விற்பவர் 1,240.10, ஃப்யூச்சரில் வாங்குபவர் 1,232.60, விற்பவர் 1,233.40 என்று இருந்தால், நீங்கள் பங்கை விற்க முடிவது 1,239.80-க்கு, ஃப்யூச்சரை வாங்க முடிவது 1,233.40-க்கு. உங்கள் 7 ரூபாய் அங்கேயே 6.40 ஆகிவிட்டது.

விலை சரியாக எடுத்த பிறகும் டிஸ்கவுண்ட் இருந்தால், காரணம் டிவிடெண்டா வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி அடுத்த மாத ஃப்யூச்சரைப் பார்ப்பது. உங்கள் பங்கில் அடுத்த மாதம் 28 நாள் தள்ளி முடிகிறது என்று வைத்து, அது 1,239.50-ல் இருந்தால், இரண்டு மாதங்களுக்கும் இடையே 6.50. வருடத்துக்குப் போட்டால் 7 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, இயல்பான வட்டி. அதாவது கேஷுக்கும் முதல் மாதத்துக்கும் நடுவில் மட்டும் ஒரு பள்ளம், அதற்கப்புறம் பாதை சமமாகப் போகிறது. டிவிடெண்ட் விழும் இடத்தில் பள்ளம் விழுவது இப்படித்தான் தெரியும். அதற்கு மாறாக அடுத்த மாதம் 1,228-ல், அதற்கடுத்தது இன்னும் கீழே என்று படிப்படியாக இறங்கிக்கொண்டே போனால் அது டிவிடெண்ட் இல்லை, விற்கிறவர்களின் அழுத்தம்.

அந்த இரண்டாவது வகைதான் உண்மையிலேயே மலிவு. அது ஏன் சட்டென்று சரியாகிவிடுவதில்லை என்று புரிந்துகொள்ள வேண்டும். ஃப்யூச்சர் கனமாக இருந்தால், உதாரணமாக டிவிடெண்ட் இல்லாமலே 1,256 என்றால், பணம் இருக்கும் யாரும் கேஷை வாங்கி ஃப்யூச்சரை விற்கலாம். 24 நாளுக்கு வருட வீதத்தில் 19 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும் என்றால் பெரிய ஃபண்டுகள் விட்டுவைக்குமா? அதனால் மேலே ஒரு கெட்டியான கூரை உண்டு. கீழே அப்படித் தரை இல்லை. மலிவான ஃப்யூச்சரை வாங்கிக் கேஷை விற்க வேண்டுமென்றால் கையில் பங்கு இருக்க வேண்டும், இல்லையென்றால் கடன் வாங்க வேண்டும். பங்கைக் கடன் வாங்கும் எஸ்எல்பி ஏற்பாடு 2008 முதல் இருந்தாலும், அதில் பல பங்குகளுக்கு ஆளே இருக்க மாட்டார்கள், இருந்தாலும் கேட்கும் வாடகை அந்த டிஸ்கவுண்டையே தின்றுவிடும். ஆகவே டிஸ்கவுண்ட் நாள் கணக்கில் அப்படியே நிற்கும். இதில் உங்களுக்கு ஒரு சாதகம் இருப்பதை நான் மறுக்கவில்லை. பங்கைக் கையில் வைத்திருக்கும் சிலரில் நீங்களும் ஒருவர்.

அதனால் டிவிடெண்டே இல்லாமல் இதே 1,240, 1,233 வந்திருந்தால் உங்களுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று பார்த்துவிடுவோம். விலை வித்தியாசம் 6.40. விற்ற பணத்தை லிக்விட் ஃபண்டில் போட்டு, அதிலேயே ஒரு பகுதியை மார்ஜினுக்கு அடமானம் வைத்தால் 24 நாளில் ஒரு பங்குக்கு 5 ரூபாய் மாதிரி வரும். மொத்தம் 11.40. செலவில் பெரியது பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி. பங்கை விற்கும்போது 0.1 சதவீதம், 1.24 ரூபாய். எக்ஸ்பைரியில் டெலிவரி எடுக்கும்போது மறுபடி அதே அளவு. முத்திரைத்தீர்வை, ஜிஎஸ்டி, புரோக்கரேஜ் எல்லாம் சேர்த்து இன்னொரு ரூபாய் என்று வைப்போம். டெலிவரியில் முடிவதற்குத் தனிக் கட்டணம் போடும் புரோக்கர்கள் உண்டு, உங்களுடையவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மொத்தச் செலவு 3.50 போக, மிஞ்சுவது 8 ரூபாய்க்கு ஒட்டி. 500 பங்குக்கு 4,000 ரூபாய்.

இப்போது நிஜத்துக்கு வருவோம், டிவிடெண்ட் 12 ரூபாய் இருக்கிறது. பங்கை விற்றால் அது போய்விடும். 8 கழித்தல் 12, பங்குக்கு 4 ரூபாய் நஷ்டம், மொத்தம் 2,000. டிவிடெண்டுக்கு உங்கள் அடுக்கின்படி வருமான வரி உண்டு என்பதால் உயர்ந்த அடுக்கில் இருப்பவருக்கு இந்த நஷ்டம் கொஞ்சம் சுருங்கும். ஆனால் வரியில் அதைவிடப் பெரிய விஷயம் வேறு இருக்கிறது. பங்கை விற்ற அன்றே மூலதன ஆதாயம் வந்துவிடுகிறது. ஒரு வருடத்துக்குள் என்றால் 20 சதவீதம், அதற்கு மேல் வைத்திருந்தால் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட ஆதாயத்தில் 12.5 சதவீதம். திரும்ப வாங்கும் பங்குக்கு ஒரு வருடக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். 700 ரூபாய்க்கு வாங்கிய பங்காக இருந்தால் 4,000 ரூபாய்க்காக இதைத் தொடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சமீபத்தில், இதே விலைக்குப் பக்கத்தில் வாங்கியது என்றால் கணக்கு வேறு.

பணப்புழக்கத்தையும் பாருங்கள். பங்கை வைத்திருக்கும்போது விலை 100 ரூபாய் விழுந்தால் மனசு கஷ்டப்படும், அவ்வளவுதான். ஃப்யூச்சரில் அதே 100 ரூபாய் என்றால் 50,000 ரூபாய் ரொக்கமாகக் கணக்கில் இருக்க வேண்டும், லிக்விட் ஃபண்டில் இருக்கும் பணம் அந்த நேரத்துக்கு வந்து சேராது. கட்டவில்லை என்றால் புரோக்கர் ஃப்யூச்சரை வெட்டிவிடுவார். பங்கும் இல்லை, ஃப்யூச்சரும் இல்லை என்று நிற்க நேரிடும்.

உண்மையான மலிவு கண்ணில் பட்டாலும், ஏன் மலிவு என்று ஒரு காரணமாவது தெரியாமல் நான் கை வைத்ததில்லை. பைபேக் அறிவித்திருக்கிறார்களா, ரைட்ஸ் வருகிறதா என்று பாருங்கள். பைபேக்கில் பங்கைக் கொடுக்கும் உரிமை ரெக்கார்டு டேட்டில் பங்கு வைத்திருப்பவருக்குத்தான், ஃப்யூச்சருக்கு இல்லை. அந்த டிஸ்கவுண்டும் டிவிடெண்ட் மாதிரியேதான், ஆனால் எத்தனை பங்கை ஏற்பார்கள் என்பது முன்கூட்டித் தெரியாததால் D-யை ஒரே எண்ணாகப் போட முடியாது. அடுத்து, பங்கு ஃப்யூச்சர் தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மொத்த பொசிஷன் அனுமதித்த அளவில் 95 சதவீதத்தைத் தாண்டினால் புதிதாக ஃப்யூச்சர் எடுக்க முடியாது, இருப்பதைக் குறைக்கத்தான் முடியும். அப்போது டிஸ்கவுண்ட் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் நீங்கள் உள்ளே போக வழியில்லை. இரண்டும் இல்லாமல் டிஸ்கவுண்ட் மட்டும் இருந்தால், யாரோ பெரிய அளவில் விற்கிறார்கள் என்பது வரைக்கும்தான் பேசிஸ் சொல்லும். அவர் தன் பங்குக்குப் பாதுகாப்பாக விற்கிறாரா, கெட்ட செய்தி தெரிந்து விற்கிறாரா என்று அதிலிருந்து பிரிக்க முடியாது.

இந்த மாதம் பங்கை அப்படியே வைத்திருங்கள். எக்ஸ்-டேட்டுக்கு முந்தைய நாள் மதியம் இரண்டு விலையையும் ஒரு தாளில் எழுதுங்கள். கேஷ் அன்றும் 1,240-ல் இருந்து, எக்ஸ்பைரிக்கு 15 நாள் மீதி என்றால் ஃப்யூச்சர் 1,231-ஐ ஒட்டி இருக்கும், டிஸ்கவுண்ட் 9 ரூபாய்க்குப் பக்கம். மறுநாள் காலை சந்தை திறந்து பத்து நிமிடம் கழித்து மறுபடி எழுதுங்கள். சந்தையில் வேறு பரபரப்பு இல்லையென்றால் கேஷ் 1,228 அருகே வந்திருக்கும், ஃப்யூச்சர் கிட்டத்தட்ட அதே 1,231-ல் நிற்கும். டிஸ்கவுண்ட் போய் 3 ரூபாய் பிரீமியம் வந்திருக்கும். அந்த 3 ரூபாய் 14 நாள் வட்டி.